சுவர்ப் படத்தின் எழுத்து வடிவம்: பெரியவர் மயங்கி விழுந்தால் சிபிஆர், ஏஇடி நடைமுறை

முதலுதவி அறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஓட்டப்படத்தை ஒளிப்படம் எடுத்து, அதில் உள்ள அத்தனையையும் இங்கே எழுத்தாக்கியிருக்கிறேன். திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் நம் தன்னார்வலர்களுக்கு அந்தப் படத்தால் இதுவரை ஒரு பயனும் இல்லை. ஓர் உயிர் போகும் நேரத்தில் அவர்கள் கையிலும் முழு நடைமுறை இருக்க வேண்டும். சிபிஆர் என்பது மார்பை அழுத்தியும், முடிந்தால் மூச்சு கொடுத்தும் செய்யும் முதலுதவி. ஏஇடி என்பது இதயத் துடிப்பை ஆராய்ந்து, தேவைப்பட்டால் மின் ஷாக் கொடுக்கும் கருவி; பேடுகள் அதன் மார்பில் ஒட்டும் பட்டைகள்.

படத்தில் வைர வடிவக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. அதற்கு ஓர் எண் கொடுத்திருக்கிறேன். உள்தள்ளலைத் திரைவாசிப்பான் சொல்லாமல் போகலாம் என்பதால், ஒவ்வொரு கிளையின் முன்னாலும் அது எந்தக் கேள்விக்கான பதில் என்பதும் எழுதியிருக்கிறது. “திரும்புங்கள்” என்று வரும் இடமெல்லாம் படத்தில் மேல்நோக்கிப் போகும் அம்பு. “போங்கள்” என்றால் கீழ்நோக்கிய அம்பு.

தொடக்கம்: பெரியவர் ஒருவர் விழுந்து கிடக்கிறார்.

கேள்வி 1. அந்த இடம் உங்களுக்குப் பாதுகாப்பானதா?

- 1 ஆம் என்றால்: கேள்வி 3-க்குப் போங்கள்.
- 1 இல்லை என்றால்: கேள்வி 2. ஆபத்தை உங்களால் நீக்க முடியுமா?
  - 2 ஆம் என்றால்: நீக்குங்கள் (மின்சாரத்தை அணைப்பது, வண்டிகளை நிறுத்துவது போல). பிறகு கேள்வி 1-க்குத் திரும்புங்கள்.
  - 2 இல்லை என்றால்: நெருங்காதீர்கள். அவசர உதவியை அழைத்து, எட்டி நின்று காத்திருங்கள். முடிவு அ.

கேள்வி 3. தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் தருகிறாரா?

- 3 ஆம் என்றால்: என்ன செய்கிறது என்று கேளுங்கள், தேவையான உதவிக்கு ஆளை அழையுங்கள், கூடவே இருங்கள். அடிக்கடி பேச்சுக் கொடுத்து, கேள்வி 3-க்குத் திரும்புங்கள்.
- 3 இல்லை என்றால்: பக்கத்தில் உள்ளவர்களைக் கூவி அழையுங்கள். கேள்வி 4-க்குப் போங்கள்.

கேள்வி 4. நெற்றியைப் பின்னால் சாய்த்து, முகவாயை உயர்த்துங்கள். 10 விநாடிக்கு மேல் போகாமல் மூச்சைக் கவனியுங்கள். மூச்சு இயல்பாக இருக்கிறதா? (விட்டு விட்டு இழுக்கும் திணறல் மூச்சை ‘இல்லை’ என்றே கொள்ள வேண்டும்.)

- 4 ஆம் என்றால்: பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அவசர உதவியை இன்னும் அழைக்கவில்லை என்றால் அழையுங்கள். விட்டு நகராமல், மூச்சைப் பார்க்க கேள்வி 4-க்குத் திரும்பிக்கொண்டே இருங்கள்.
- 4 இல்லை என்றால்: கேள்வி 4அ. ஏஇடியின் பேடுகள் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருக்கின்றனவா?
  - 4அ ஆம் என்றால்: மார்பை அழுத்தத் தொடங்கி, நேராகக் கேள்வி 8-க்குப் போங்கள்.
  - 4அ இல்லை என்றால்: அவசர உதவியை அழையுங்கள், ஏஇடி கொண்டு வர ஒருவரை அனுப்புங்கள் (இரண்டும் முன்பே செய்திருந்தால் மறுபடி வேண்டாம்). கேள்வி 5-க்குப் போங்கள்.

கேள்வி 5. வாய்வழி மூச்சு கொடுக்கப் பயிற்சி பெற்றவரா, கொடுக்கவும் தயாரா?

- 5 ஆம் என்றால்: 30 முறை மார்பை அழுத்தி, 2 முறை மூச்சு கொடுங்கள். இதையே மாறி மாறிச் செய்யுங்கள்.
- 5 இல்லை என்றால்: நிறுத்தாமல் மார்பை மட்டும் அழுத்துங்கள்.
- இரண்டு கிளைகளும் இங்கே சேர்கின்றன. மார்பின் நடுவில், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகத்தில் அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு மார்பு முழுவதும் மேலெழ விடுங்கள். கேள்வி 6-க்குப் போங்கள்.

கேள்வி 6. ஏஇடி வந்துவிட்டதா?

- 6 ஆம் என்றால்: கருவியை இயக்குங்கள். ஒரு பேடு வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். ஈரமாக இருந்தால் மார்பைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். இருவர் இருந்தால், ஒருவர் ஒட்டும்போது மற்றவர் அழுத்திக்கொண்டே இருக்கட்டும். கேள்வி 8-க்குப் போங்கள்.
- 6 இல்லை என்றால்: 2 நிமிடம் சிபிஆர் தொடருங்கள், ஆள் இருந்தால் மாறிக்கொள்ளுங்கள். கேள்வி 7. அசைவு, கண் திறத்தல், இயல்பான மூச்சு ஏதாவது தெரிகிறதா? (இதற்காக அழுத்தலை நிறுத்த வேண்டாம்.)
  - 7 ஆம் என்றால்: கேள்வி 4-க்குத் திரும்புங்கள்.
  - 7 இல்லை என்றால்: கேள்வி 6-க்குத் திரும்புங்கள்.

கேள்வி 8. கருவி சொல்லும்போது அழுத்தலை நிறுத்தி, அது இதயத் துடிப்பை ஆராய விடுங்கள். யாரும் தொடக் கூடாது. ஷாக் கொடுக்கச் சொல்கிறதா?

- 8 ஆம் என்றால்: கேள்வி 9. யாராவது அவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்களா?
  - 9 ஆம் என்றால்: “விலகுங்கள்” என்று உரக்கச் சொல்லி விலக்குங்கள். கேள்வி 9-க்குத் திரும்புங்கள்.
  - 9 இல்லை என்றால்: பொத்தானை அழுத்தி ஒரே ஒரு ஷாக் கொடுங்கள். உடனே 2 நிமிடம் சிபிஆர். கேள்வி 10-க்குப் போங்கள்.
- 8 இல்லை என்றால்: ஷாக் இல்லாமல் உடனே 2 நிமிடம் சிபிஆர். கேள்வி 10-க்குப் போங்கள்.

கேள்வி 10. அசைவு, கண் திறத்தல், இயல்பான மூச்சு ஏதாவது தெரிகிறதா?

- 10 ஆம் என்றால்: பேடுகளைப் பிரிக்காதீர்கள், கருவியை அணைக்காதீர்கள். கேள்வி 4-க்குத் திரும்புங்கள்.
- 10 இல்லை என்றால்: கேள்வி 11. மருத்துவக் குழு வந்து பொறுப்பேற்றுக்கொண்டதா?
  - 11 ஆம் என்றால்: அவர்களிடம் ஒப்படையுங்கள். முடிவு ஆ.
  - 11 இல்லை என்றால்: கேள்வி 8-க்குத் திரும்புங்கள்.

படத்தோடு ஒப்பிட்டவை

வைரக் கட்டங்கள் 11, அவற்றிலிருந்து கிளம்பும் அம்புகள் 22. எல்லாம் மேலே இருக்கின்றன. மேல்நோக்கிய அம்புகள் 8: கேள்வி 2, 3, 4, 9 ஆகியவற்றின் ‘ஆம்’, கேள்வி 7-இன் இரண்டு பக்கமும், கேள்வி 10-இன் ‘ஆம்’, கேள்வி 11-இன் ‘இல்லை’.

கேள்வி 4அ-வுக்குப் படத்தில் வைரக் கட்டமே கிடையாது. கேள்வி 4-இன் ‘இல்லை’ அம்பின் மேல் ஒரு நட்சத்திரக் குறியும், ஓரத்தில் பொடி எழுத்தில் “பேடு ஒட்டியிருந்தால் நேரே ஆய்வுக்கு” என்றும் இருக்கிறது. குறிப்பு மாதிரித் தெரிந்தாலும் அது வழியை மாற்றுகிறது. அதை விட்டுவிட்டால், நினைவு திரும்பி மறுபடி மூச்சு நின்றவருக்கு ஏஇடி வர மறுபடி காத்திருக்கச் சொன்னது போல் ஆகிவிடும். அதனால் தனிக் கேள்வியாக வைத்தேன்.

கீழே வலப்பக்கம் விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, கேள்வி 8-இன் ‘இல்லை’ அம்பு பாதியில் வெள்ளையாகிவிட்டது. ஒளிப்படத்தை மட்டும் பார்த்தால் அது முடிவு ஆ-வுக்குப் போவது போலத் தோன்றும். பக்கவாட்டில் நின்று இன்னொரு படம் எடுத்துப் பார்த்தேன்: அம்பு சிபிஆர் கட்டத்தில்தான் சேர்கிறது. இந்த ஒரு கிளையைப் பயிற்சியில் இரண்டு தடவை சொல்லிக் கொடுங்கள். ‘ஷாக் வேண்டாம்’ என்று கருவி சொன்னதும், ஆள் பிழைத்துவிட்டார் என்றோ இனிப் பயனில்லை என்றோ நினைத்துக் கையை எடுத்துவிடுவது மிக எளிது.

இரண்டு காத்திருப்புச் சுழற்சிகளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் 7-இன் ‘இல்லை’ கருவி வந்ததா என்ற கேள்விக்குத் திரும்புகிறது, 11-இன் ‘இல்லை’ கருவியின் ஆய்வுக்குத் திரும்புகிறது. இவற்றை ஒன்றாக்கிச் சுருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் படத்திலேயே இல்லை. கருவி வருவதற்கு முன்பே மருத்துவக் குழு வந்துவிட்டால் 6, 7 சுழற்சியிலிருந்து வெளியேற அம்பு வரையப்படவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்த கட்டத்திலும் அப்படியே. என் வேலை படத்தில் இருப்பதை எழுதுவது என்பதால் நானாக ஒரு வழி சேர்க்கவில்லை. படத்தைத் தயாரித்த பயிற்சியாளர் இரண்டு இடத்திலும் முடிவு ஆ-வுக்கு அம்பு போட்டுத் தந்தால், அன்றே இதிலும் சேர்த்துவிடுகிறேன்.