சோதனை 7: எலுமிச்சைப்புல் எண்ணெய் – நீராவியில் வடித்தல், நேரமும் விளைச்சலும்

வேதிப் பொறியியல் ஆய்வகம், வேலூர்

எலுமிச்சைப்புல் எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரால். அதன் கொதிநிலை சுமார் 229 டிகிரி. ஆனாலும் நீராவியோடு சேர்ந்து 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாகிவிடும். நீரின் ஆவியழுத்தமும் எண்ணெயின் ஆவியழுத்தமும் கூடி வெளியழுத்தத்தை எட்டினால் போதும், கொதிக்கத் தொடங்கிவிடும்.

புல்லை ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கி 500 கிராம் எடையிடுங்கள். கலத்தின் அடியிலுள்ள துளைத்தட்டின் மேல் சீராகப் பரப்புங்கள். அமுக்கித் திணித்தாலும் அங்கங்கே இடைவெளி விட்டாலும் நீராவி ஒரே வழியாகப் பாய்ந்துவிடும்; மீதிப் புல் சும்மா வெந்துகொண்டிருக்கும். முடிந்ததும் கலத்தைத் திறந்து பாருங்கள். நடுவில் பழுப்பும் ஓரத்தில் பச்சையுமாக இருந்தால் அந்த ரீடிங்கை நம்பாதீர்கள்.

இரண்டு லிட்டர் ஃபிளாஸ்கில் பாதிக்கு மேல் நீர், நான்கைந்து கொதிகற்கள், அழுத்தம் கூடினால் வெளியேற ஒரு பாதுகாப்புக் குழாய். நீராவிக் குழாய் துளைத்தட்டுக்குக் கீழே போய் முடிய வேண்டும். இணைப்புகள் கண்ணாடியாகவே இருக்கட்டும். ரப்பர் கார்க் போட்டால் எண்ணெயில் ரப்பர் வாடை ஏறும். கண்டென்சரிலிருந்து வடிவது, அளவுகோடு போட்ட பிரிகுழாயில் விழும். எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.89 என்பதால் மேலே மிதக்கும், நீர் கீழ்க்குழாய் வழியாக வழிந்து போகும்.

நம் ஊர் வெயிலில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் கை வைக்க முடியாத சூட்டில் வரும். அதைக் கண்டென்சருக்கு விட்டால் எண்ணெய் மணமாகக் காற்றில் போய்விடும். அறை மணக்கிறதே என்று மகிழ வேண்டாம், அது உங்கள் விளைச்சல். காலையிலேயே தொடங்குங்கள். இல்லையென்றால் ஐஸ் போட்ட வாளியிலிருந்து பம்பு வைத்து ஓட்டுங்கள்.

பலரும் தவறுவது நேரக் கணக்கில்தான். ஹீட்டர் போட்ட நிமிடம் பூஜ்யம் அல்ல. முதல் சொட்டு விழும் நிமிடமே பூஜ்யம். சென்ற குழுவுக்கு இடையில் 22 நிமிடம் போனது. அதைத் தனியாக எழுதுங்கள், மின்செலவுக் கணக்குக்கு வேண்டும்.

சென்ற குழுவின் ரீடிங்:

| நிமிடம் | எண்ணெய் (மி.லி.) |
|---|---|
| 15 | 0.9 |
| 30 | 1.4 |
| 45 | 1.7 |
| 60 | 1.9 |
| 90 | 2.0 |
| 120 | 2.1 |

2.1 × 0.89 = 1.87 கிராம். விளைச்சல் 0.37 சதவீதம். இது வாடிய புல்லின் எடைக்கு. ஈரப்பதத்தைத் தனியாக அளந்து உலர் எடைக்கும் கணக்கிடுங்கள்.

கிராஃபுக்கு `ln(1 − V/V∞) = −kt`. V என்பது t நிமிடம்வரை சேர்ந்த எண்ணெய், V∞ கடைசியில் சேரும் மொத்த எண்ணெய், k வடியும் வேகத்தைக் காட்டும் மாறிலி. V∞ 2.1 என்று வைத்தால் முதல் 45 நிமிடப் புள்ளிகள் k ≈ 0.037 நிமிடம்⁻¹ என்ற கோட்டில் அழகாக உட்காரும். 90-ஆவது நிமிடப் புள்ளி விலகும். அங்கே மீதி 0.1 மி.லி. மட்டுமே, குழாயின் ஒரு கோடு பிசகினாலே கோடு சாய்ந்துவிடும். அதை அழித்துவிடாமல் ரெக்கார்டில் காரணத்தோடு எழுதுங்கள்.

முதல் ஒரு மணியில் 90 சதவீத எண்ணெய் வந்துவிட்டது. அடுத்த ஒரு மணி நேரம் ஹீட்டர் எரிந்ததற்குக் கிடைத்தது 0.2 மி.லி. ஆலையில் எப்போது நிறுத்துவீர்கள், ஏன் என்பதை மின்கட்டணத்தோடு ஒரு பத்தியில் எழுதித் தர வேண்டும்.

நிறுத்தும்போது முதலில் நீராவிக் குழாயைக் கழற்றிவிட்டு, அப்புறம் ஹீட்டரை அணையுங்கள். மாற்றிச் செய்தால் ஃபிளாஸ்க் குளிரும்போது கலத்தில் தேங்கிய நீரைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். கையுறை கட்டாயம்.