இரண்டு நீலம்

இரவு 1.20. அம்பத்தூரில் உள்ள கிளியரிங் மையத்தில் அன்றைய செக் கட்டுகளை கல்பனா புரட்டிக்கொண்டிருந்தாள். கான்கரண்ட் ஆடிட்டில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட செக்குகள் அத்தனையையும் பார்த்தாக வேண்டும். திரையில் படம், கையில் காகிதம். சிடிஎஸ் என்ற கிளியரிங் முறையில் படம் மட்டும்தான் பயணம் போகும், செக் டெபாசிட் வாங்கிய வங்கியிலேயே தங்கிவிடும்.

முப்பத்தேழாவது செக் தமிழில் எழுதப்பட்டிருந்தது. ‘நான்கு லட்சத்து நாற்பதாயிரம் மட்டும்.’ கட்டத்தில் 4,40,000/-. திரையில் ஒரு குறையும் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லா நீலமும் ஒன்றுதான்.

காகிதத்தில் ஒன்றாக இல்லை. ‘நாற்பதாயிரம்’ கொஞ்சம் ஊதா கலந்த நீலம். ‘நான்கு லட்சத்து’ பளிச்சென்ற நீலம். எழுத்துகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் கடைசியாக ஏறியவர்களைப் போல நின்றன.

செக்கைத் திருப்பி, பின்பக்கம் விரல் நுனியால் தடவினாள். ‘நாற்பதாயிரம்’ இருந்த இடம் மேடு தட்டியது. பால்பென் அழுத்தம். அதற்கு முன்னால் வழவழப்பு. பத்து மடங்கு லென்ஸை வைத்தாள். பால்பென் கோட்டுக்குள் முடி போல வெள்ளை இழைகள், வளைவுகளில் மைத் திட்டு. ‘நான்கு லட்சத்து’வில் இரண்டும் இல்லை. மை சீராக இறங்கி, ஓரங்களில் காகித நாரோடு லேசாகக் கசிந்திருந்தது. ஜெல் பேனா. கட்டத்தில் முதல் 4-ம் அதையடுத்த காற்புள்ளியும் அதே ஜெல்தான்.

யூவி விளக்கில் வங்கிச் சின்னம் ஒழுங்காக ஒளிர்ந்தது, மங்கிய திட்டு எங்கும் இல்லை. அழித்து எழுதியிருந்தால்தானே திட்டு வரும்? எழுதியவர் ‘ரூபாய்’க்குப் பக்கத்தில் இடம் விட்டு ஆரம்பித்திருக்கிறார். அந்த இடம் போதுமானதாக இருந்திருக்கிறது.

“முருகேசன் சார், இதைக் கொஞ்சம் பாருங்க.”

அவர் லென்ஸில் குனிந்தார். “பேயிங் பேங்க் பாஸ் பண்ணிட்டாங்களே மேடம். நம்ம தலையில ஏன் இழுத்துப் போட்டுக்கணும்?”

“அவங்க பார்த்தது படம். மை படத்துல தெரியாது. காகிதம் நம்மகிட்ட இருக்கு. நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஆக்ட், 131-வது பிரிவு, இரண்டாவது விளக்கம். செக் முகத்துல தெரியற திருத்தத்தைப் பார்க்க வேண்டியது வாங்கின பேங்க்.”

“பாசிட்டிவ் பே? செக் கொடுத்தவர் முன்னாடியே விவரம் சொல்லியிருக்கணுமே?”

“அஞ்சு லட்சத்துக்குக் கீழ கட்டாயம் இல்லைன்னு வச்சிருக்கற பேங்க் அது. ஆறு, ஒன்பதுன்னு எதையும் போடாம 4 போட்டிருக்கான் பாருங்க. கணக்குப் போட்டுத்தான் போட்டிருக்கான்.”

டெபாசிட் கணக்கைத் திறந்தார்கள். தொடங்கிப் பத்தொன்பது நாள். செக் காலையில் டிராப் பாக்ஸில் விழுந்திருக்கிறது. அக்டோபர் 2025-க்குப் பிறகு செக்கை அன்றன்றைக்கே முடிக்கிறார்கள், மாலை ஏழுக்குள் பேயிங் பேங்க் பதில் சொல்லாவிட்டாலும் சரியென்றே கணக்கு. இரவு எட்டுக்குள் 4,40,000 வரவாகிவிட்டது. 11.41-க்கு ஏடிஎம்மில் 10,000, 10,000, 5,000. தினசரி வரம்பு முடிந்தது. 12.04-க்குத் தேதி மாறியதும் மறுபடி 10,000. மீதி 4,06,150, அதில் 1,150 பழைய இருப்பு. நெட் பேங்கிங் இன்னும் இயங்கவில்லை. நல்ல வேளை.

“லியன் போடுங்க. செக் பணத்துல மீதி இருக்கற 4,05,000-ஐயும் எடுக்க முடியாம நிறுத்தி வைக்கணும்.”

“நான் பதிவு போடற மேக்கர்தான். ஒப்புதல் தர்ற செக்கர் தூங்கிட்டு இருப்பார்.”

“எழுப்புங்க சார்.”

மூன்றாவது ரிங்கில் செக்கர் எடுத்தார். முதலில் கொஞ்சம் திட்டினார், பிறகு லாகின் செய்தார். 1.52-க்கு லியன் ஏறியது.

கல்பனா செக்கைத் தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டாள். பின் அடிக்கவில்லை. உறைக்குள் போட்ட பிறகு மேலே எழுதவும் இல்லை. பேனா அழுத்தம் உள்ளே இறங்கினால் நாளைக்கு மை நிபுணர் எந்த மேட்டை நம்புவார்? தனிக் காகிதத்தில் நேரம், செக் எண், எழுத்துக்கு எழுத்து எது எந்த மை என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பேயிங் பேங்க்கின் மோசடிப் பிரிவுக்குப் படத்தோடு மெயில் போனது. செக் கொடுத்தவரைக் கூப்பிடுவது அவர்கள் வேலை. அவர் நாற்பதாயிரம்தான் கொடுத்தேன் என்று சொல்ல விடிய வேண்டும்.

பிறகு அதே டிராப் பாக்ஸில் அன்று வந்த மற்ற செக்குகளையும் கேட்டு வாங்கினாள். பதினொன்று. ஒவ்வொன்றாகத் திருப்பித் தடவினாள். எல்லாமே மேடு தட்டின.

3.08-க்கு முருகேசன் திரையைத் திருப்பிக் காட்டினார். பெரம்பூர் ஏடிஎம். 10,000 கேட்டிருக்கிறான், மறுக்கப்பட்டது, குறியீடு 51, இருப்பு போதாது. ஒரு நிமிடம் கழித்து 5,000. அதற்கும் 51. பிறகு 1,000.

“இது போயிடும் மேடம். அந்த 1,150 அவனோட காசு.”

போனது.