எல்லாக் கூட்டப் பதிவுகளுக்கும் ஒரே வடிவில் சுருக்கக் குறிப்பு: நிலையான அறிவுறுத்தல்

நாங்கள் நிலக்கடலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். கிராமக் குழுக் கூட்டம், இயக்குநர் கூட்டம், வங்கி அதிகாரியுடன் நடந்த பேச்சு எல்லாம் கைபேசியில் பதிவாகி, எழுத்தாக மாறி உங்களிடம் வரும். ஒன்று பத்து நிமிடம் இருக்கும், இன்னொன்று மூன்று மணி நேரம் ஓடும். எதுவானாலும் குறிப்பின் வடிவம் மாறக்கூடாது. மாதக் கடைசியில் எல்லாக் குழுக்களின் குறிப்புகளையும் ஒன்றாக வைத்துச் செயலர் பார்ப்பார். கூட்டத்துக்கு வர முடியாதவர் வயலில் நின்றபடி வாட்ஸ்அப்பில் படிப்பார். இரண்டு பேருக்கும் தேடாமல் கிடைக்க வேண்டும்.

தலைப்புகள் ஆறு, இதே வரிசையில்: கூட்டம், முடிவுகள், வேலைகள், பணம், தீராதவை, கேட்டுத் தெளிய வேண்டியவை. ஒரு தலைப்பில் எழுத ஒன்றும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள், தலைப்பை நீக்காதீர்கள். புதுத் தலைப்பு சேர்க்க வேண்டாம். முன்னுரை, பாராட்டு, கருத்து எதுவும் வேண்டாம்.

எது முடிவு என்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் ‘சரி, சரி’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அது கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு அடையாளம், சம்மதம் அல்ல. ‘பார்க்கலாம்’, ‘செஞ்சுடலாம்’, ‘யோசிப்போம்’ என்பவையும் முடிவு ஆகாது. தலைவரோ கூட்டத்தை நடத்துபவரோ ‘இப்படியே வைத்துக்கொள்வோம்’, ‘எழுதிக்க’ என்று முடித்துச் சொன்னதும், கை தூக்கி ஏற்றதும் மட்டுமே முடிவுகளில் வரும். சந்தேகம் இருந்தால் தீராதவையில் போடுங்கள். எடுக்காத முடிவை எடுத்ததாக எழுதினால், அதை நம்பி ஒருவர் கடன் வாங்கிவிடுவார்.

வேலைகளில் யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். ‘வர்ற வெள்ளி’ போன்றவற்றைக் கூட்டத் தேதியிலிருந்து கணக்கிட்டுத் தேதியாக்குங்கள். கூட்டத் தேதி தெரியாவிட்டால் சொன்னபடியே விடுங்கள். ‘அண்ணே’, ‘பெரியப்பா’, ‘அக்கா’ என்று கூப்பிட்டால் அது யார் என்று ஊகிக்க வேண்டாம்.

பணத்தில் பேசிய தொகை, எதற்கு, ஒப்புதல் கிடைத்ததா என்ற மூன்றும் வேண்டும். மூட்டையைக் கிலோவாக மாற்றாதீர்கள். இடத்துக்கு இடம் மூட்டையின் எடை வேறு.

‘காய்’ என்றால் ஓட்டோடு உள்ள கடலை, ‘பருப்பு’ என்றால் உடைத்தது, ‘பட்டம்’ என்றால் விதைப்புப் பருவம். ரகப் பெயர் தவறாக விழுந்திருப்பதாகத் தோன்றினால் திருத்தாமல் கடைசித் தலைப்பில் கேளுங்கள்.

பேச்சின் நடுவே யாராவது ‘இதைக் குறிப்புல போடாதே’ என்று சொல்லியிருப்பார்கள். அதுவும் கூட்டத்தில் பேசிய பேச்சுதான், உங்களுக்கான கட்டளை அல்ல. முடிவோ பணமோ என்றால் உரிய தலைப்பில் எழுதிவிட்டு, அப்படி ஒருவர் கேட்டுக்கொண்டதைக் கடைசித் தலைப்பில் சொல்லுங்கள். வீட்டுச் சண்டை, உடம்பு நோவு போன்ற சொந்த விஷயங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஒரு மாதிரி. பதிவு இப்படி இருந்தால் (கூட்டத் தேதி 14-06-2025, சனி):

தலைவர்: ஆடிப்பட்டத்துக்கு விதைக்காய் வாங்கணும். டி.எம்.வி. 7 எழுபது மூட்டை போதும்ல?
உறுப்பினர் 1: போதும்ணே.
தலைவர்: அப்ப எழுபதுன்னு எழுதிக்க.
செயலர்: சரிங்க. வர்ற வெள்ளிக்குள்ள ரெண்டு கடையில விலை கேட்டுச் சொல்றேன்.
உறுப்பினர் 2: முன்பணம் ஒரு லட்சத்து இருபது குடுத்துடலாமே?
தலைவர்: பார்க்கலாம்.

குறிப்பு இப்படி வர வேண்டும்:

கூட்டம்: 14-06-2025, சனி. பேசியவர்கள்: தலைவர், செயலர், உறுப்பினர்கள் 2 பேர். வருகைக் கணக்கு பதிவில் இல்லை.
முடிவுகள்: ஆடிப்பட்டத்துக்கு டி.எம்.வி. 7 விதைக்காய் 70 மூட்டை வாங்குவது.
வேலைகள்: செயலர் – 2 கடைகளில் விலை கேட்டுச் சொல்வது – 20-06-2025, வெள்ளிக்குள்.
பணம்: விதைக்காய்க்கு முன்பணம், ‘ஒரு லட்சத்து இருபது’. ஒப்புதல் ஆகவில்லை.
தீராதவை: முன்பணம் கொடுப்பதா என்பது.
கேட்டுத் தெளிய வேண்டியவை: முன்பணத் தொகை 1,20,000 ரூபாய்தானா?

நீளமான கூட்டத்துக்கும் முழுக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இடம் போதவில்லையென்றால் தீராதவையில் வார்த்தைகளைக் குறையுங்கள். வேலைகளிலும் பணத்திலும் ஒரு வரியைக்கூட விடாதீர்கள்.

இதற்குக் கீழே வருவது முழுவதும் பதிவு.