இன்னொருவர் கதை

என் சத்திரத்தில் மழை இரவுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்குகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும். சொந்தக் கதை கூடாது, இன்னொருவருடைய கதையாக இருக்க வேண்டும். இருபது வருடம் கேட்டதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: கதையை விட வினைச்சொல்லின் கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். 'போனான்' என்று சொல்லிக்கொண்டே வருகிற வாய், எங்கோ ஓரிடத்தில் 'போனேன்' என்று விடும்.

அன்று மூன்று பேர் இருந்தார்கள். மணி வார்க்கும் பெரியவர் ஒருவர். துணியால் இறுகச் சுற்றிய ஒரு பொருளை மடியிலிருந்து இறக்கவே இல்லை. நில அளவையாளர் ஒருவர். பிறகு ஓர் இளம்பெண், கையில் ஒரு பைகூட இல்லாமல் வந்திருந்தாள். பாலத்தின் மேல் வெள்ளம் ஓடுகிறது, விடியும்வரை அக்கரைக்குப் போக வழியே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அந்தப் பெண் மட்டும் அதையே மூன்று முறை வந்து கேட்டாள்.

விளக்கைத் தூண்டிவிட்டேன். பெரியவர் தொடங்கினார்.

"மணி வார்ப்பில் ஒரு சீடன் இருந்தான். நான்கு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்று கலவையெல்லாம் விரைவில் கற்றுக்கொண்டான். பொறுமை மட்டும் வரவில்லை. மெழுகு உருகி வெளியேறிய பிறகு மண் அச்சு உள்வரை உலர வேண்டும். துளி ஈரம் இருந்தாலும், உருகிய உலோகம் பட்டதும் நீராவியாகி வெடிக்கும். கடைசி இரவு அச்சின் அடியில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள் என்று குரு சொல்லிவிட்டுப் போனார். அவன் தூங்கிவிட்டான். விழித்தபோது சாம்பல் குளிர்ந்து கிடந்தது. அவசரமாக மூட்டினான். 'இரவெல்லாம் எரிந்ததா?' என்று விடியற்காலையில் குரு கேட்டார். எரிந்தது என்றேன்."

பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. நாங்கள் மூவரும் கவனித்தோம்.

"உலோகத்தை ஊற்றியதும் அச்சு வெடித்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் குருதான். இரண்டு கண்ணும் போயின. ஈரம் எங்கிருந்து வந்தது என்று சாகும்வரை அவர் யோசித்துக்கொண்டிருந்தார். சீடன் பக்கத்திலேயே இருந்து அவருக்குச் சோறு ஊட்டினான். அதை மட்டும் சொல்லவில்லை." துணிப் பொதியை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டார். "அவர் போன பிறகு அவன் வார்த்த முதல் மணியை இதுவரை யாரும் கேட்டதில்லை."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அளவையாளர் தொண்டையைச் செருமினார். அவர் பேச்சு தொழிலைப் போலவே கணக்காக இருந்தது.

"அளவுச் சங்கிலிக்கு 66 அடி நீளம், நூறு கண்ணி. இழுத்து இழுத்துப் பல வருடம் ஓடினால் இணைப்பு வளையங்கள் தேயும், கண்ணிகள் விரியும், சங்கிலி நீளும். அதனால்தான் அடிக்கடி சரிபார்க்க வேண்டும். ஓர் ஊரில் பாகப்பிரிவினை. அண்ணனுக்கு எல்லைக் கல்லிலிருந்து நாற்பது சங்கிலி. மிச்சம் இறந்துபோன தம்பியின் மனைவிக்கு. அளக்க வந்தவரிடம் இரண்டு சங்கிலிகள் இருந்தன. அவர் பழையதை எடுத்தார். அரை அடி நீண்டுபோன சங்கிலி. நாற்பது முறைக்கு இருபது அடி. அந்த இருபது அடிக்குள்தான் கிணறு இருந்தது."

"அரை அடி நீண்டிருந்தது என்று யார் அளந்து பார்த்தார்கள்?" என்று பெரியவர் மெதுவாகக் கேட்டார்.

அளவையாளர் வாயைத் திறந்தார், மூடினார். அவர் சொன்ன கதையில் அதை அளந்து பார்த்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். எதற்காகப் பழையதை எடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் தன் வலது உள்ளங்கையை விளக்கொளியில் விரித்து, அதில் எதையோ வாங்கிய இடத்தைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

பெண்ணின் முறை வந்தது. எனக்குக் கதை தெரியாது என்று முதலில் மறுத்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஒரு மகள் இருந்தாள். அம்மாவுக்குக் கைகால் விழுந்து ஏழு வருடம். பேச்சு இருக்கிறது, அசைவு இல்லை. முதுகில் புண் வந்துவிடக் கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பாள், இரவிலும். ஏழு வருடமாக அவள் முழுசாக ஒரு தூக்கம் தூங்கவில்லை. ஒருநாள் மதியம் அம்மாவைப் புரட்டினாள், போர்த்திவிட்டாள், கதவைச் சாத்தினாள், நடந்தாள். எங்கே என்று அவளுக்கே தெரியாது. நடக்க மட்டும் வேண்டியிருந்தது. பாலத்தைத் தாண்டிய பிறகுதான் மழை பிடித்தது."

அதோடு நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?" என்றார் அளவையாளர்.

"அவ்வளவுதான்."

பெரியவர் முன்னால் சாய்ந்தார். "அம்மா, அந்தத் தாயார் இப்போது எந்தப் பக்கமாகப் படுத்திருக்கிறார்?"

"இடது பக்கம்," என்றாள் உடனே. சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. முகத்தை மூடிக்கொண்டாள். மதியம் முதல் அந்த வீட்டில் எத்தனை இரண்டு மணி நேரம் கழிந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடிக்க மனம் வரவில்லை.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். சத்திரக்காரி கதை சொல்லும் வழக்கம் இல்லை. இருபது வருடத்தில் ஒருவரும் கேட்டதும் இல்லை.

"ஒரு சத்திரக்காரி இருந்தாள்," என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "கணவன் இறந்தது ஒரு மழை இரவில். அதற்குப் பிறகு மழை பெய்தால் அவளால் அந்த வீட்டில் தனியாக இருக்க முடிவதில்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால் வழியே இல்லை என்று வருகிறவர்களிடம் சொல்லுவாள். பின்பக்கத்து மேட்டில் ஏறிச் சுற்றிப் போனால் ஒரு பழைய கல்பாலம் இருக்கிறது. எந்த வெள்ளமும் அதைத் தொட்டதில்லை. அதை அவள்..." அங்கேயே நிறுத்தி மறுபடி தொடங்கினேன். "அதை நான் யாரிடமும் சொன்னதில்லை."

அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்குள் எழுந்து நின்றிருந்தாள். அவள் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன், மறக்கவும் கூடாது.

விளக்கை எடுத்துக்கொண்டு நான் முன்னே நடந்தேன். மேட்டில் ஏறிய சிறிது நேரத்தில் காற்று விளக்கை அணைத்துவிட்டது. வழி என் கால்களுக்குத் தெரியும், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாது. இருட்டில் அளவையாளர் ஒரு கல்லில் இடறி விழும் சத்தம் கேட்டது. பெரியவர் நின்றார். துணி அவிழும் சரசரப்பு. பிறகு என் கையில் சில்லென்று ஒரு கனம் வந்து அமர்ந்தது.

"முன்னால் போகிறவர் அடியுங்கள், அம்மா. நாங்கள் கேட்டுக்கொண்டே வருகிறோம்."

அடித்தேன். விரிசல் இல்லாத உலோகத்தின் ஓசை, மழைக்குள் நெடுந்தூரம் போய்த்தான் அடங்கியது. பின்னால் பெரியவரின் மூச்சு ஒருமுறை உடைந்து சேர்ந்தது. பத்து அடிக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே மேட்டைக் கடந்தோம். கல்பாலத்தில் அளவையாளர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, பிடிச்சுவர் இல்லாத பக்கமாகத் தான் நடந்தார்.

அக்கரையில் மூன்றாவது வீடு. விளக்கு இல்லை. கதவு சாத்தியபடியே இருந்தது. நான் மணியின் நாக்கைப் பிடித்து நிறுத்தினேன்.

"யாரது?" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நாளெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்த குரல். "இந்த நேரத்தில் மணியோடு யாரது?"

பெண் கதவைத் தள்ளினாள்.

"நான்தான், அம்மா. வந்துவிட்டேன்."