படிக்கட்டு டியூஷன், மதுரை: நான்கு கிளைகளின் பக்கங்கள்

அண்ணாநகர்

பக்கத் தலைப்பு: அண்ணாநகர் மதுரை 12-ஆம் வகுப்பு டியூஷன் | கணக்கு, இயற்பியல், வேதியியல்

தேடலில் வரும் விவரம்: அம்பிகா தியேட்டர் ஸ்டாப்பில் இறங்கினால் நடக்கிற தூரம். 11, 12-ஆம் வகுப்புக் கணக்கு, இயற்பியல், வேதியியல், தமிழ் வழி, ஆங்கில வழி தனித்தனி பேட்ச். ஒரு பேட்ச்சில் 20 பேர்.

எங்கள் நான்கு கிளைகளில் பிளஸ் டூ அறிவியல் பிரிவுக்கென்றே நடப்பது இது ஒன்றுதான். மேலமடை, கோமதிபுரம், கே.கே. நகர், வண்டியூர் பக்கமிருந்து பிள்ளைகள் சைக்கிளிலேயே வந்துவிடுகிறார்கள். சைக்கிள் நிறுத்த உள்ளேயே இடம் உண்டு.

பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணக்கில் எடுக்கும் 100 அப்படியே சேரும்; இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50 என்று சேரும். ஆக, கணக்கில் போகும் ஒரு மார்க்கும் இயற்பியலில் போகும் இரண்டு மார்க்கும் ஒன்றுதான். அதனால்தான் இங்கே வாரத்தில் நான்கு நாள் கணக்கு, மற்ற இரண்டுக்கும் தலா இரண்டு நாள். "எல்லாப் பாடத்துக்கும் சமமாக நேரம் கொடுங்கள்" என்று கேட்கும் பெற்றோரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவோம். அப்புறமும் வேதியியல்தான் பயம் என்றால், அந்தப் பிள்ளைக்கு ஞாயிறு காலையில் தனியாக உட்காருகிறோம்.

வகுப்பு மாலை 5.30 முதல் 8.00 வரை. சனிக்கிழமை தேர்வு. திருத்திய தாளைத் திங்கட்கிழமை பிள்ளை கையில் கொடுத்து, எந்தப் படியில் மார்க் போனது என்று அவரையே சொல்ல வைப்போம். மூன்று பாடத்துக்கும் சேர்த்து மாதம் 2,400 ரூபாய். ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகள் இங்கே இல்லை. பத்தாம் வகுப்பு என்றால் திருநகர் அல்லது பந்தடிக் கிளையைப் பாருங்கள். நீட் பயிற்சி எந்தக் கிளையிலும் கிடையாது.

பந்தடி

பக்கத் தலைப்பு: பந்தடி, மகால் பகுதி டியூஷன் | வணிகவியல், கணக்குப்பதிவியல், 10-ஆம் வகுப்பு

தேடலில் வரும் விவரம்: திருமலை நாயக்கர் மகால் அருகே. 11, 12 வணிகவியல் பிரிவு முழுப் பாடங்களும், 10-ஆம் வகுப்பு ஐந்து பாடங்களும். இரவு 9.30 வரை திறந்திருக்கும் படிப்பு அறை.

கீழவாசல், முனிச்சாலை, தெற்கு மாசி வீதிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கான கிளை. கடை வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. பேரேடும் பற்று வரவும் வீட்டிலேயே காதில் விழுந்து வளர்ந்தவர்கள் என்பதால் கணக்குப்பதிவியல் இவர்களுக்குச் சட்டென்று பிடித்துவிடும். திணறுவது கூட்டாண்மைப் பாடங்களில்தான். புதுக் கூட்டாளி சேரும்போது பழைய கூட்டாளிகள் விட்டுக்கொடுக்கும் பங்கைக் கண்டுபிடிக்கும் இடத்தில் பாதி வகுப்பு நின்றுவிடுகிறது. அந்த ஒரு பாடத்துக்கு மூன்று வாரம் ஒதுக்குகிறோம். அவசரப்பட்டால் அடுத்து வரும் கூட்டாளி விலகல் பாடமும் சேர்ந்து போய்விடும்.

வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைகள் பலர் வருகிறார்கள். அந்த மொழி பேசும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். தமிழ்த் தாளில் கட்டுரையும் கடிதமும் எழுதத் தயங்குபவர்களோடு அவர் புதன்கிழமை உட்காருவார்.

படிப்பு அறை பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தெருக்களில் வீடுகள் சின்னவை. டிவியும் விருந்தாளியும் புத்தகமும் ஒரே அறையில்தான். வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் இங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எங்களிடம் படிக்காத தம்பி, தங்கையையும் கூட்டி வரலாம்.

சித்திரைத் திருவிழாவில் தேர் ஓடும் நாளன்று மாசி வீதிகளைத் தாண்டி வர முடியாது. அன்று விடுமுறை, அடுத்த ஞாயிறு ஈடு வகுப்பு. கட்டணம்: பத்தாம் வகுப்பு 1,200 ரூபாய், வணிகவியல் பிரிவு 1,600 ரூபாய்.

திருநகர்

பக்கத் தலைப்பு: திருநகர் 10-ஆம் வகுப்பு கணக்கு, அறிவியல் டியூஷன் | திருப்பரங்குன்றம், பசுமலை

தேடலில் வரும் விவரம்: திருநகர் 3-வது ஸ்டாப் அருகே. 9, 10-ஆம் வகுப்புக் கணக்கு, அறிவியல். 35 மார்க் எடுக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனிக் காலை வகுப்பு.

மாலை வகுப்பு வழக்கமானது: 5.30 முதல் 7.30 வரை, மாதம் 1,000 ரூபாய். இந்தக் கிளையில் நாங்கள் அதிக அக்கறை எடுப்பது காலை 6.00 மணி வகுப்பில். பாஸ் ஆவோமா என்ற பயத்தோடு இருக்கும் பிள்ளைகளுக்காக நடப்பது அது.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் கடைசியாக இரண்டு எட்டு மார்க் கேள்விகள் வரும். ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். இரண்டிலும் 'அல்லது' கொடுத்திருப்பார்கள். ஆக 16 மார்க். ஒரு மார்க் கேள்விகள் 14. இந்த முப்பதையும் பிடித்துவிட்டால் மிச்சம் ஐந்துதான். முதல் இரண்டு மாதம் இதை மட்டுமே செய்கிறோம். உதவிப்படம் வரைந்தாயா, வரைபடத்தாளின் மூலையில் அளவுத்திட்டம் எழுதினாயா, அச்சுகளுக்குப் பெயர் போட்டாயா என்று ஒவ்வொரு தாளையும் ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்ப்பார். பென்சிலும் காம்பஸும் இல்லாமல் வந்தால் நாங்களே தருவோம், திருப்பி அனுப்ப மாட்டோம்.

காலை வகுப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். அதுவும் சிரமம் என்றால் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.

ஒத்தக்கடை

பக்கத் தலைப்பு: ஒத்தக்கடை டியூஷன் | 6 முதல் 10-ஆம் வகுப்பு, என்எம்எம்எஸ் பயிற்சி, தமிழ் வழி

தேடலில் வரும் விவரம்: யானைமலை அடிவாரம், மேலூர் சாலை. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ் வழி டியூஷன், எட்டாம் வகுப்பு என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வுப் பயிற்சி. பஸ் நேரத்துக்கு ஏற்ற வகுப்பு.

நரசிங்கம், திருவாதவூர், மேலூர் வழியிலுள்ள ஊர்களிலிருந்து பள்ளி முடிந்து நேராக இங்கே வருகிறார்கள். அதனால் வகுப்பு 5.00 மணிக்குத் தொடங்கி 6.45-க்கு முடிந்துவிடும். முடிந்ததும் ஓர் ஆசிரியர் பஸ் ஸ்டாப் வரை கூடப் போவார். கடைசிப் பிள்ளை பஸ் ஏறும் வரை அங்கேயே இருப்பார். வந்ததும் சுண்டல் அல்லது பயறு கொடுப்போம், மதியம் சாப்பிட்ட வயிறு அதற்குள் காய்ந்திருக்கும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் என்எம்எம்எஸ் தேர்வைத் தவறவிடாதீர்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிப்பவர்கள் எழுதலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. மனத்திறனில் 90 கேள்வி, பாடங்களில் 90 கேள்வி. தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். எண் தொடர், கண்ணாடிப் பிம்பம், குறியீட்டுச் சொற்கள் எல்லாம் பள்ளிப் புத்தகத்தில் அதிகம் வராதவை. பழகாமல் போனால் கெட்டிக்காரப் பிள்ளையும் விழிக்கும். ஜூன் முதல் சனிக்கிழமைதோறும் இந்தப் பயிற்சி நடக்கிறது. கட்டணம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்று கேட்டு வரும் பெற்றோரிடம் முதலில் இதைத்தான் சொல்கிறோம். இடையில் மாறிவிட்டால் அது கிடைக்காது. முடிவு உங்களுடையது, தெரிந்துகொண்டு எடுங்கள்.

மாதம் 600 ரூபாய். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் என்றால் இரண்டாமவருக்குப் பாதி. சேர்வதற்கு முன் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். ஞாயிறு தவிர எந்த மாலையும் 4.30 மணிக்கு மேல் பிள்ளையோடு நேரில் வாருங்கள், கடைசியாக எழுதிய பரீட்சைத் தாள் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.