ஏ.டி.எம். பணம் வராத புகார்: பவானி வாடிக்கையாளருக்கு எழுதிய மூன்று பதில்கள்

9 ஆகஸ்ட் 2025, சனிக்கிழமை
புகார் எண் 40871

மதிப்பிற்குரிய அம்மா,

நேற்று மாலை 6.42 மணிக்குப் பவானியில் வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் நீங்கள் 9,500 ரூபாய் கேட்டதும், இயந்திரம் நோட்டு எண்ணும் சத்தம் கேட்ட பிறகும் பணம் வெளியே வராததும், இரண்டே நிமிடத்தில் பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்ததும் உங்கள் மின்னஞ்சலில் தெளிவாக இருக்கின்றன. எங்கள் கணக்குப் பதிவிலும் அந்தத் தொகை கழிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இந்த விவரங்களை மறுபடி உங்களிடம் கேட்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

அது தையற்கூடத்தில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு இன்று தர வேண்டிய வாரக் கூலி என்றும், கணக்கில் மீதி 1,140 ரூபாய்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இன்று இரண்டாம் சனிக்கிழமை என்பதால் கிளைக்கு நேரில் போய்க் கேட்கவும் வழியில்லை. கூலி நாளில் இப்படி நேர்ந்ததற்கு வருந்துகிறேன். அந்தப் பணத்தை இன்றே உங்கள் கையில் சேர்க்கும் அதிகாரம் எனக்கு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நேற்றிரவு தொலைபேசியில் பேசிய எங்கள் ஊழியர், 24 மணி நேரத்தில் பணம் தானாகவே வந்துவிடும் என்று உங்களிடம் சொன்னது சரியல்ல. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதியின்படி, ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் அந்தத் தொகை திரும்ப வரவு வைக்கப்பட வேண்டும். உங்கள் கணக்கில் அந்தக் கெடு 13ஆம் தேதி புதன்கிழமையோடு முடிகிறது. அதற்குப் பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கென்று நீங்கள் தனியாக மனு எழுத வேண்டியதில்லை.

நீங்கள் 23 நிமிடம் இணைப்பில் காத்திருந்ததும், மூன்று பேரிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்ததும் எங்கள் குறை. இந்தப் புகார் முடியும் வரை இந்த மின்னஞ்சலுக்கு நீங்கள் அனுப்பும் பதில் என்னிடமே வரும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி யாரேனும் அழைத்து ஓ.டி.பி.யோ அட்டையின் பின் எண்ணோ கேட்டால், அவர் எங்கள் பெயரையே சொன்னாலும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
புகார்ப் பிரிவு அலுவலர்


14 ஆகஸ்ட் 2025, வியாழக்கிழமை
புகார் எண் 40871

மதிப்பிற்குரிய அம்மா,

இன்று காலை எங்கள் அமைப்பிலிருந்து உங்களுக்குத் தானாகச் சென்ற குறுஞ்செய்தியில், "பரிவர்த்தனை வெற்றி, புகார் முடிக்கப்பட்டது" என்று இருந்தது. அதற்கு நீங்கள், "அப்படியென்றால் நான் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு பொய் சொல்கிறேன் என்கிறீர்களா? முதலாளி என்று பேர் வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் முன்னால் கையை விரித்து நின்றேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னது பொய் என்று நான் கருதவில்லை. ஒரு மனிதர் படித்துப் பார்த்து அனுப்பியிருக்க வேண்டிய செய்தி அது. அப்படிச் செய்யாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். புகாரை மறுபடி திறந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஏ.டி.எம். இன்னொரு வங்கியுடையது என்பதால், உங்கள் புகாரை நாங்கள், வங்கிகளின் ஏ.டி.எம்.களை ஒன்றோடொன்று இணைக்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் வலையமைப்பின் வழியே அந்த வங்கிக்கு அனுப்பினோம். அவர்கள் இயந்திரத்தின் மின்பதிவை மட்டும் பார்த்துவிட்டு, பத்தொன்பது ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் வழங்கப்பட்டதாக அதில் இருப்பதால் புகாரை நிராகரித்தார்கள். மின்பதிவில் இருப்பது இயந்திரம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் கணக்கு. நோட்டு உங்கள் கைக்கு வந்ததா என்பதற்கு அது ஒன்றே சாட்சியாக முடியாது. அதைத் தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு வழிகள் உள்ளன: இயந்திரத்தில் பணம் நிரப்புபவர்கள் கணக்கு முடிக்கும்போது உள்ளே எவ்வளவு இருந்தது என்ற விவரமும், கண்காணிப்புக் கேமராவின் பதிவும். இரண்டையும் கேட்டு இன்று பிற்பகல் எழுத்தில் மறுமுறையீடு செய்திருக்கிறேன். 8ஆம் தேதி மாலை 6.35 முதல் 6.55 வரையிலான கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதில் குறிப்பிட்டிருக்கிறேன்.

பணம் உள்ளே மிகுதியாக இருந்ததென்று தெரிந்தால் தொகை உங்களுக்கு வரும்; கணக்கு நேராக இருந்தால் கேமராப் பதிவைப் பார்க்காமல் நாங்கள் எந்த முடிவுக்கும் வரமாட்டோம். முடிவு உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்று இப்போதே நான் வாக்களித்தால், போன வாரம் எங்கள் ஊழியர் சொன்ன 24 மணி நேரத்தைப் போல அதுவும் ஆகிவிடக்கூடும். நாளை சுதந்திர தின விடுமுறை. ஆகவே திங்கட்கிழமைக்கு முன் அவர்களிடமிருந்து பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் 18ஆம் தேதி மாலை 5 மணிக்குள் உங்களை நானே அழைக்கிறேன். தையற்கூடத்தில் இயந்திரச் சத்தத்தில் அழைப்பு காதில் விழாது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். எனவே அழைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு குறுஞ்செய்தி அனுப்புவேன்.

உங்கள் புகார் பதிவான நாளிலிருந்து 30 நாட்களில் பதில் கிடைக்காவிட்டாலோ, நாங்கள் தரும் பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உள்ளது. எங்களை எதிர்த்து முறையிடும் வழியை நாங்களே சொல்வது விந்தையாகத் தோன்றலாம்; ஆனால் அது உங்கள் உரிமை, அதற்கு இந்தக் கடிதத்தையும் இணைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
புகார்ப் பிரிவு அலுவலர்


20 ஆகஸ்ட் 2025, புதன்கிழமை
புகார் எண் 40871

மதிப்பிற்குரிய அம்மா,

நேற்று உங்கள் கணக்கில் 10,100 ரூபாய் வரவு வைக்கப்பட்டது. அதில் 9,500 ரூபாய் உங்கள் பணம். மீதி 600 ரூபாய், 13ஆம் தேதிக்குப் பின் கடந்த ஆறு நாட்களுக்கான இழப்பீடு. கணக்கு அறிக்கையில் இவை இரண்டு தனி வரிகளாகத் தெரியும்.

இயந்திரத்தின் பணத்தை எண்ணிப் பார்த்தபோது 9,500 ரூபாய் மிகுதியாக இருந்ததை அந்த வங்கி ஒப்புக்கொண்டிருக்கிறது. எண்ணி முடித்த நோட்டுகள் வெளிவாயை அடையும் முன் உள்ளேயே சிக்கிக்கொண்டன. எண்ணியதையே வழங்கியதாக இயந்திரம் பதிந்துவிட்டது. நீங்கள் கேட்டதாகச் சொன்ன அந்தச் சத்தமும் இதோடு பொருந்துகிறது.

திங்களன்று பேசியபோது, கூலிக்காகப் பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்கியதாகச் சொன்னீர்கள். அந்தச் சங்கடத்துக்கு 600 ரூபாய் ஈடாகாது என்பது எனக்குத் தெரியும். விதி அனுமதிக்கும் தொகை அவ்வளவுதான். தவறான கெடுவைச் சொன்ன அழைப்பின் ஒலிப்பதிவும், யாரும் படிக்காமல் சென்ற குறுஞ்செய்தியின் நகலும் அந்தந்தப் பிரிவின் மேலாளர்களுக்கு என் குறிப்போடு அனுப்பப்பட்டுள்ளன.

வரவில் ஏதேனும் வித்தியாசம் தெரிந்தால் இந்த மின்னஞ்சலுக்கே எழுதுங்கள். உங்களிடமிருந்து பதில் வந்த பிறகே புகாரை முடித்ததாகக் குறிப்பேன்.

இப்படிக்கு,
புகார்ப் பிரிவு அலுவலர்