ஒக்டோபர் 4 காலை: உங்கள் செப்டெம்பர் கணக்கை எங்களோடு இருந்து முடித்துக்கொண்டு போங்கள்

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். எங்களிடம் கணக்குக் கொடுக்கும் எல்லாருக்கும் இந்தச் செய்தி.

போன நவம்பரில் நிலாவெளியில் விடுதி நடத்தும் நம்முடைய அண்ணா ஒருவர் ஒரு பொலித்தீன் பை நிறைய பில் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். பெட்ரோல், காஸ், லோண்டரி என்று எல்லாமே இருந்தன, ஆனால் முக்கால்வாசி வெறும் வெள்ளைத் தாள். ஓட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டு வைத்திருக்கிறார். அந்த மாதிரி பில்லில் இருப்பது மை இல்லை, அச்சடிக்கும்போது சூட்டில் கறுக்கிற தாள்தான், வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் எழுத்து வெளுத்துவிடும், திருகோணமலை வெயிலில் அது எத்தனை நாள் நிற்கும்? வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்து இரண்டு மணி நேரம் பார்த்தோம், பாதியைக்கூட வாசிக்க முடியவில்லை.

வாசிக்க முடியாத பில்லைச் செலவு என்று காட்ட எங்களுக்கு வழியில்லை. செலவு குறைந்தால் லாபம் கூடும், வரியும் கூடும். வருடத்துக்கு 18 லட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை, அதற்கு மேல் முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 லட்சத்துக்கு 18 வீதம். அப்படியென்றால் ஒரு லட்சம் ரூபா பெறுமதியான பில்லைத் தொலைத்தவர், முதல் படியில் இருந்தால் 6,000 ரூபாவும் அடுத்த படியில் இருந்தால் 18,000 ரூபாவும் சும்மா கட்டுகிறார். அந்தக் காசுக்கு இரண்டு அறைக்கு மின்விசிறி மாற்றலாம்.

அதனால்தான் இந்தப் பயிற்சி. கிடைக்கும் பலன் ஒன்றே ஒன்று: அன்றைக்குக் காலை நீங்கள் எழும்பிப் போகும்போது செப்டெம்பர் மாதக் கணக்கு முடிந்திருக்கும், செலவு ஒன்றும் விடுபட்டிருக்காது, அடுத்த மாதம் முதல் அதே வேலையை ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்தில் நீங்களே செய்வீர்கள். கம்பியூட்டர் வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பேனை, உங்கள் போன், அவ்வளவுதான். கொப்பியும் பேனையும் எங்கள் செலவு.

பில்லுக்கு எப்படி இலக்கம் போடுவது, அது வெளுக்குமுன் எப்படிப் படம் எடுத்து வைப்பது என்பதெல்லாம் கால் மணி நேர வேலை. அதிக நேரம் எடுக்கப்போவது கலப்புச் செலவுக்குத்தான், ஏனென்றால் நீங்கள் எல்லாரும் மாட்டிக்கொள்வது அங்கேதான். விருந்தாளிக்கு வாங்கிய மீனும் வீட்டுக்கு வாங்கிய மீனும் ஒரே பில்லில் வரும். கரைவலைக்காரரிடம் கடற்கரையிலேயே வாங்கினால் பில்லே வராது. வீட்டுக்கும் கடைக்கும் ஒரே மின்சார மீட்டர். இவற்றை எப்படிப் பிரித்து எழுதுவது, பில் இல்லாத இடத்தில் பெயர், திகதி, தொகை, கையெழுத்தோடு ஒரு காசுச் சீட்டை எப்படி எழுதி வாங்கி வைப்பது என்று உங்கள் பில்களை வைத்தே செய்து பார்ப்போம்.

ஒக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, காலை 8.30 முதல் 11.45 வரை, எங்கள் அலுவலக மேல்மாடியில். லுஹருக்கு முன் முடித்துவிடுவோம். சீசன் ஓய்ந்து, நவராத்திரி தொடங்க இன்னும் ஒரு கிழமை இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறோம், ஆகவே நேரமில்லை என்று சொல்ல வேண்டாம்! எங்களிடம் கணக்குக் கொடுப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. பிளேன்டீயும் மரக்கறி ரோலும் உண்டு.

பதிய வேண்டுமா? இந்த வாட்ஸ்அப் செய்திக்குப் பதிலாக "வாறேன்" என்று எழுதி, கூடவே கடை அல்லது விடுதியின் பெயரைப் போட்டு அனுப்புங்கள். படிவம் ஒன்றும் இல்லை. இடம் கிடைத்ததும் அன்றைக்கே பதில் போடுவோம். மேல்மாடியில் இருபது கதிரைதான் போடலாம், செப்டெம்பர் 30 புதன்கிழமை இரவோடு பதிவை நிறுத்துகிறோம். உண்மையில் பில் சேர்ப்பது உங்கள் மனைவி என்றால், அல்லது கடையில் நிற்கும் தம்பி என்றால், அவரை அனுப்புங்கள். முதலாளி வந்து தலையாட்டிவிட்டுப் போவதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

வரும்போது செப்டெம்பர் பில் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், கசங்கியிருந்தாலும் பரவாயில்லை.

ஒரு விஷயம், மார்ச் 31 உடன் முடிந்த வருடத்துக்கான வரி விவரத்திரட்டை அன்றைக்குச் செய்யமாட்டோம். அதற்கு நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. அந்த வருடத்துப் பில் பையையும் கையோடு கொண்டுவந்தால் கீழே மேசையில் பெயர் எழுதி ஒப்படைத்துவிட்டு மேலே ஏறுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.